அரிசித் தண்ணீர், வெந்தயத் தண்ணீர்: முடிக்கு உண்மையில் என்ன செய்யும்?

ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து சீயக்காய்த் தூள் கேளுங்கள். எடுத்துத் தருவார்கள். வெந்தயம் பக்கத்து அலமாரியில் இருக்கும், அரிசி மூட்டை வாசலிலேயே இருக்கும். தலைமுடிக்கு இந்த மூன்றும் நம் வீடுகளில் புதிது இல்லை. ஆனால் இப்போது கைப்பேசியைத் திறந்தால் அரிசித் தண்ணீரும் வெந்தயத் தண்ணீரும் வேறொரு வேடத்தில் வருகின்றன. "ஒரே வாரத்தில் இரண்டு அங்குலம் வளரும்", "வழுக்கையில் முடி முளைக்கும்", "நரை கறுக்கும்" என்று டிக்டாக் காணொளிகள் சொல்கின்றன. கீழே பார்த்தால், "எங்கள் தோட்டத்துப் பாட்டி இதைத்தான் செய்தார், முடி முழங்கால் வரை இருந்தது" என்று கருத்துகளும் வரிசையாக இருக்கும்.

இதில் எது உண்மை, எது கதை? சுருக்கமான பதில் இதுதான்: இரண்டுமே தலைக்கு வெளியே நீண்டு நிற்கும் முடித் தண்டுக்கு ஓரளவு உதவக்கூடும். தோலுக்கு உள்ளே இருக்கும் வேருக்கு உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால், மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

பாட்டி ஊற்றியது எந்தத் தண்ணீர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "அரிசித் தண்ணீர்" என்று இணையத்தில் ஒரே பெயரில் சொல்வது, நம் வீட்டுத் தமிழில் மூன்று வேறு வேறு பொருள்கள்.

அரிசி களைந்த தண்ணீர் ஒன்று. கழுநீர் என்றும் சொல்வோம். சோறு வெந்ததும் பானையைச் சாய்த்து வடிக்கும் வடிகஞ்சி இன்னொன்று. மூன்றாவது, இவற்றில் ஏதாவது ஒன்றை ஒரு நாள் வைத்திருந்து புளித்துப்போன தண்ணீர். மூன்றும் முடியில் ஒரே மாதிரி வேலை செய்யாது.

சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான் பக்கம் பழைய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் தலைக்குக் குளித்த கதையைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எண்ணெயில்தான் தொடங்குவார்கள். முதலில் எண்ணெய் வைத்து ஊறவிடுவது, பிறகு சீயக்காய். அந்தச் சீயக்காய்த் தூளைப் பச்சைத் தண்ணீரில் கரைக்காமல், சோறு வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்ப்பது பல தமிழ் வீடுகளில் பழக்கம். சீயக்காயை மில்லில் கொடுத்து அரைக்கும்போதே ஒரு பிடி வெந்தயத்தையும் பச்சைப்பயற்றையும் சேர்த்துவிடுவார்கள்.

அதாவது, வடிகஞ்சியும் வெந்தயமும் தனி மருந்தாக வரவில்லை. சீயக்காய்க்குத் துணையாக வந்தன. அதில் நல்ல காரணம் இருக்கிறது. சீயக்காயில் சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருள் உண்டு. எண்ணெயை எடுத்துவிடும், ஆனால் முடியைக் காய்ந்து சொரசொரப்பாக விட்டுவிடும். வெறும் தண்ணீரில் கரைத்தால் தூள் தலையில் நிற்காமல் வழிந்துபோகும். கஞ்சி சேர்ந்தால் குழம்பு பதத்துக்கு வந்து முடியில் ஒட்டி நிற்கும், தேய்க்கும்போது உராய்வும் குறையும். வெந்தயத்தின் கொழகொழப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. இன்றைய மொழியில் சொன்னால், சீயக்காய் ஷாம்பு. கஞ்சியும் வெந்தயமும் கண்டிஷனர்.

இன்னொரு விஷயம். இப்போது நம் வீடுகளில் பெரும்பாலும் ரைஸ் குக்கர்தான். அதில் கஞ்சி வடிப்பதே இல்லை. அதனால் இன்றைய இளையவர்கள் தலையில் ஊற்றுவது பாட்டி ஊற்றிய வடிகஞ்சி இல்லை, அரிசி களைந்த தண்ணீர். எண்ணெயும் சீயக்காயும் இல்லாமல், ஷாம்பு போட்ட தலைமேல், சில சமயம் ரீபாண்டிங் செய்து சாயம் பூசிய முடிமேல் ஊற்றுகிறார்கள். "பாட்டி செய்ததுதான் இது" என்ற வாதம் இங்கேயே பாதி கழன்றுவிடுகிறது.

முடித் தண்டில் என்ன நடக்கிறது?

நம் தலையில் நாம் பார்க்கும் முடி உயிரில்லாத பொருள். கெரட்டின் என்ற புரதத்தால் ஆன இழை அது. வெளிப்புறத்தில் ஓட்டு வீட்டின் ஓடுகள் போல மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வெயில், சாயம், சூடான இஸ்திரி, முரட்டுத்தனமாகச் சீவுவது இவற்றால் செதில்கள் தூக்கிக்கொள்ளும், உடையும். அப்போது ஒரு முடி இன்னொரு முடியில் மாட்டிக்கொள்ளும். சீப்பு நிற்கும், இழுப்போம், அறும்.

வேட்டிக்கும் பருத்திச் சேலைக்கும் கஞ்சி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வடிகஞ்சி முடியில் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். அரிசி மாவுச்சத்து சுமார் 70 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சி உப்பி உடையும். அப்படி வெந்த மாவுச்சத்து நூலின்மேல் மெல்லிய படலமாகக் காயும். முடியின்மேல் அளவோடு படிந்தால் முடி கொஞ்சம் தடிமனாகத் தெரியும், வழவழப்பாக இருக்கும். அதிகமாகப் படிந்தால் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்துக்கொள்ளும்.

களைந்த தண்ணீர் வேறு கதை. அதில் இருக்கும் மாவுச்சத்து வேகாதது. நுண்ணிய துகள்களாக மிதக்கும், அரை மணி நேரம் வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகத் தங்கும். அந்தத் துகள்கள் முடிக்குள் நுழைய முடியாது. மேலே ஒட்டும், அலசினால் பெரும்பாலும் போய்விடும். தவிட்டிலிருந்து கரைந்த சிறிதளவு புரதமும் தாதுக்களும் இனோசிட்டால் என்ற பொருளும் அதில் உண்டு. விளம்பரங்கள் அதிகம் பிடித்துக்கொள்வது இந்த இனோசிட்டாலைத்தான்.

இதற்கு ஆய்வு உண்டா? உண்டு, ஆனால் சிறியது. ஜப்பானில் ஹெய்யான் காலத்து அரண்மனைப் பெண்கள் தரை தொடும் முடியை அரிசி களைந்த நீரால் பராமரித்தார்கள் என்பது அங்குள்ள மரபு. அந்த நீருக்கு யுசுரு என்று பெயர். ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைச் சோதித்து, முடியின் மேற்பரப்பு உராய்வு குறைகிறது, நெகிழ்வு கூடுகிறது என்று 2010இல் தெரிவித்தார்கள். கவனியுங்கள், அவர்கள் சொன்னது உராய்வையும் நெகிழ்வையும் பற்றி. முடி வளர்ந்தது என்று சொல்லவில்லை. இணையத்தில் "ஜப்பான் ஆய்வு நிரூபித்தது" என்று வரும்போது இந்த வரி மட்டும் காணாமல் போய்விடுகிறது.

வளர்ச்சி பற்றித் தனியாகத் தேடியவர்களும் உண்டு. அரிசிப் பொருள்களும் முடி வளர்ச்சியும் குறித்து வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரை ஒன்று 2022இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. தவிட்டுச் சாற்றில் ஆராய வேண்டிய சில அறிகுறிகள் தெரிகின்றன, ஆனால் அரிசித் தண்ணீரை வளர்ச்சிக்குப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. தவிடு வேறு, கழுநீர் வேறு. செறிவாக எடுத்த சாறு செய்வதை, அரிசி கழுவிய தண்ணீரும் செய்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வெந்தயத்தின் கொழகொழப்பு

இரண்டில் எது கைமேல் பலன் தரும் என்று கேட்டால், நான் வெந்தயத்தைச் சொல்வேன். வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் வழவழப்புக்குக் காரணம் கேலக்டோமன்னான் என்ற நார்ச்சத்து. குளிர்ந்த தண்ணீரிலேயே உப்பும், வேகவைக்கத் தேவையில்லை. ஈர முடியில் தடவினால் சீப்பு சறுக்கிக்கொண்டு போகும். இது முக்கியம், ஏனென்றால் முடி ஈரமாக இருக்கும்போதுதான் அதிகம் நீளும், சுலபமாக அறும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்தச் சறுக்கல் நன்றாகவே தெரியும்.

பேன் எடுக்கும்போதும் இதே சறுக்கல் உதவக்கூடும். கண்டிஷனர் தடவி, ஈர முடியில் பேன் சீப்பால் வகிடு வகிடாகச் சீவுவது மருத்துவர்களும் சொல்லும் முறைதான். வெந்தயக் கூழும் சீப்புக்கு அப்படி வழிவிடும். ஆனால் பேனைக் கொல்வது வெந்தயம் இல்லை, வெளியே எடுப்பது சீப்பு.

"வெந்தயத்தில் இரும்புச்சத்து இருக்கிறது, புரதம் இருக்கிறது, அதனால் வேருக்குப் பலம்" என்ற வாதம் பற்றி என்ன சொல்வது? சாப்பிட்டால் சத்து. தலையில் பூசினால் அந்த இரும்பும் புரதமும் தோலைத் தாண்டி வேரைப் போய்ச் சேராது. தோலின் வேலையே வெளியில் இருப்பதை உள்ளே விடாமல் தடுப்பதுதானே. வெந்தயமும் முடி உதிர்வும் பற்றி 2006இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வை விற்பனையாளர்கள் அடிக்கடி காட்டுவார்கள். அதில் பங்கேற்றவர்கள் வெந்தயத்தைத் தலையில் தடவவில்லை. வேறு நுண்சத்துகளும் சேர்ந்த உணவுத் துணைப்பொருளாக அதைச் சாப்பிட்டார்கள். அதை வைத்து வெந்தயத் தண்ணீர் விற்பது சரியில்லை.

"வெந்தயம் குளிர்ச்சி" என்பதில் பாதி உண்மை உண்டு. ஈரமான கூழ் தலையில் இருக்கும்போது தண்ணீர் ஆவியாகிறது, தலை குளிர்கிறது. நனைந்த துண்டு போட்டாலும் அப்படித்தான். அதனால் சளி பிடிக்கும் என்பது வெறும் நம்பிக்கை. சளி வைரஸால் வருகிறது. நரை கறுக்கும் என்பதும் அப்படியே. நரைத்த முடியில் நிறமி இல்லை, அதை வெந்தயத்தால் திருப்பிக் கொடுக்க முடியாது.

"ஆனா எனக்கு வேலை செஞ்சதே!"

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே முடி கொட்டுவது நின்றிருக்கும், குட்டி முடி முளைத்திருக்கும். கேள்வி, அது எதனால் என்பதுதான். மலேசியாவில் நிறையப் பேருக்கு நடக்கும் ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜனவரி மாதம் ஒருவருக்கு டெங்கி காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளில் தேறிவிடுகிறார், முடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் குளியலறை வடிகாலில் முடி கொத்துக் கொத்தாகச் சேர்கிறது. பயந்துபோகிறார். காய்ச்சல் மறந்தே போயிருக்கும், ஷாம்பு மேல்தான் சந்தேகம் வருகிறது. ஏப்ரல் நடுவில் அத்தை சொன்னபடி வாரம் இரண்டு முறை வெந்தயமும் அரிசித் தண்ணீரும் ஆரம்பிக்கிறார். ஜூலையில் உதிர்வது குறைகிறது. செப்டம்பரில் நெற்றியோரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் புது முடி நிற்கிறது. "மூணு மாசத்துல ரிசல்ட்!" என்று காணொளி போடுகிறார்.

உள்ளே நடந்தது வேறு. சாதாரணமாகத் தலைமுடியில் பெரும்பகுதி வளரும் கட்டத்தில் இருக்கும், சிறு பகுதி ஓய்வில் இருக்கும். கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, திடீரென உடல் எடை குறைவது போன்ற அதிர்ச்சி வந்தால், வழக்கத்தைவிட அதிக முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் அப்படியே நின்று, பிறகுதான் விழும். மருத்துவத்தில் இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வு தானாக அடங்கும், அந்த வேரிலிருந்தே புது முடி வரும்.

அதாவது அவர் ஒன்றுமே தடவாமல் இருந்திருந்தாலும் ஜூலையில் உதிர்வு குறைந்திருக்கும், செப்டம்பரில் குட்டி முடி தெரிந்திருக்கும். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியம் தேடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான். அந்த இறக்கத்துக்கான பெயரை, அப்போது கையில் எது இருந்ததோ அது வாங்கிக்கொள்கிறது. பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டி, வெந்தயம் வைத்து "திரும்பி வந்த" கதைகளிலும் இதே காலக்கணக்கை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

ஒரு வாரத்தில் இரண்டு அங்குலம் என்பதற்கும் கணக்கு உண்டு. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இரண்டு அங்குலம் என்பது ஐந்து சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தது நான்கைந்து மாதம் ஆகும். அந்தக் காணொளியில் முன்னால் முடி சுருண்டும் பின்னால் நேராகச் சீவியும் இருக்கிறதா என்று ஒரு முறை நிறுத்திப் பாருங்கள்.

பாட்டியின் நீளப் பின்னல், ஹுவாங்லுவோ கிராமம்

சீனாவின் குவாங்சி பகுதியில் லோங்ஷெங் வட்டாரத்தில் ஹுவாங்லுவோ என்ற கிராமம் இருக்கிறது. அங்குள்ள சிவப்பு யாவ் இனப் பெண்கள் மிக நீளமான முடிக்குப் பெயர் பெற்றவர்கள். புளிக்கவைத்த அரிசித் தண்ணீரில் முடி அலசுவார்கள். அரிசித் தண்ணீர்க் காணொளிகளில் பாதி இவர்களைத்தான் காட்டும். காட்டாத ஒன்று, அந்தப் பெண்கள் மரபுப்படி வாழ்நாளில் ஒரே முறை, சுமார் 18 வயதில், சடங்காக முடி வெட்டுகிறார்கள். வெட்டியதையும், சீவும்போது உதிர்ந்ததையும் எடுத்து வைத்து, கொண்டையில் சேர்த்துக் கட்டிக்கொள்கிறார்கள். முடி வெட்டாமல் இருந்தால் நீளும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

நம் தோட்டத்துப் பாட்டிகளின் கதையும் அதே மாதிரிதான். பால் வெட்டப் போகும்போது முடியை எண்ணெய் வைத்துப் பின்னி, முடிந்து, தலையில் துணி கட்டிக்கொள்வார்கள். வெயில் படாது, கிளையில் மாட்டாது. சாயம் கிடையாது, இஸ்திரி கிடையாது, வெட்டுவதும் கிடையாது. அப்படி இருந்த முடி நீளமாக இருந்ததில் கஞ்சிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம், கல்யாணப் படங்களில் தெரியும் அந்தத் தடித்த பின்னலில் சவுரி எவ்வளவு என்று வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டுவிடுங்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

செய்து பார்ப்பதென்றால்

செலவு குறைவு, கவனமாகச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தும் குறைவு. அதனால் செய்து பார்க்க விரும்பினால் தடை சொல்லப் போவதில்லை.

வெந்தயத்துக்கு: இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தைக் கழுவி, ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரில் இரவு ஊறவிடுங்கள். எட்டு மணி நேரம் போதும், நம் ஊர்ச் சூட்டில் அதற்கு மேல் வைத்தால் வாடை வரும். அரைக்காமல், நன்றாகக் கலக்கி மெல்லிய துணியில் பிழிந்து வடியுங்கள். அரைத்த விழுதை அப்படியே தலையில் அப்பினால், அந்தத் துணுக்குகளை எடுக்கவே மூன்று வாளித் தண்ணீர் ஆகும், எடுக்கும் வேகத்தில் முடியும் அறும். வடித்தது முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபட்டால் பதம் சரி.

வடிகஞ்சிக்கு: ஒரு பங்கு கஞ்சிக்கு மூன்று அல்லது நான்கு பங்கு தண்ணீர் விட்டு, பால் மாதிரி ஓடும் அளவுக்கு இளக்குங்கள். நன்றாக ஆறியிருக்க வேண்டும். கழுநீர் என்றால், முதல் கழுவலில் தூசி வரும், அதைக் கொட்டிவிடுங்கள். இரண்டாவது கழுவலை அரை மணி நேரம் ஊறவிட்டு எடுக்கலாம்.

ஷாம்பு போட்டு அலசிய பிறகு, காது மட்டத்துக்குக் கீழே முடியின் நீளத்தில் மட்டும் ஊற்றுங்கள். நுனிதான் பழையது, அதுதான் அதிகம் அடிபட்டது. ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, அகலப் பல் சீப்பால் சீவி, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசுங்கள். வாரம் ஒரு முறை போதும். இரவெல்லாம் தலையில் கட்டி வைத்துத் தூங்குவதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. ஈரத்தில் தலைத்தோல் அரிக்கும்.

புளிக்கவைப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். புளித்த நீரில் அமிலம் கூடும். லேசான அமிலம் முடிச் செதில்களைப் படியவைக்கும், அதனால் பளபளப்பு தெரியலாம். ஆனால் ஈப்போ வெயிலில் அறைச் சூட்டில் வைத்தால் ஒரே நாளில் புளித்துவிடும். அதற்கு மேல் போனால் எந்தக் கிருமி வளர்கிறது என்பது நம் கையில் இல்லை. லேசான புளிப்பு மணம் தாண்டி அழுகிய வாடையோ, மேலே ஆடையோ, நிறமாற்றமோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். தலையில் புண்ணோ சிரங்கோ இருந்தால் புளித்த நீர் வேண்டவே வேண்டாம்.

வெந்தயம் கடலை, கொண்டைக்கடலை குடும்பத்தைச் சேர்ந்தது. புந்தோங் கச்சாங் பூத்தே சாப்பிட்டாலே உதடு வீங்குகிறவர் என்றால், வெந்தயத்தைத் தலையில் வைக்க வேண்டாம். மற்றவர்களும் முதல் முறைக்கு முன்னால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அதோடு விட்டுவிடுங்கள்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நடு வகிடு எடுத்து, வலப்பக்கம் வெந்தயத் தண்ணீர், இடப்பக்கம் நீங்கள் வழக்கமாகப் போடும் கண்டிஷனர் என்று நான்கு வாரம் செய்து பாருங்கள். ஷாம்பு இரண்டு பக்கமும் ஒன்றே. ஒவ்வொரு முறையும் ஒரே சீப்பால் இரு பக்கமும் சீவி, விழுந்த முடியை வெள்ளைத் துணியில் தனித்தனியாகச் சேருங்கள்.

அந்த முடியை எண்ணுவதைவிட நுனியைப் பார்ப்பது முக்கியம். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால், அது வேரோடு காலம் முடிந்து விழுந்த முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. அதை எந்த அலசலும் நிறுத்தாது. குமிழ் இல்லாமல், துண்டு துண்டாக இருந்தால், அது நடுவில் அறுந்த முடி. வெந்தயமோ கஞ்சியோ குறைக்கக்கூடியது இந்த இரண்டாவது வகையை மட்டும்தான். அறுவது குறைந்தால் நீளம் தங்கும். "வளர்ந்தது" என்று பலர் சொல்வது உண்மையில் இப்படித் தங்கிய நீளமாக இருக்கலாம்.

சாதாரணக் கண்டிஷனர் ஜெயித்துவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். அதில் இருக்கும் பொருள்களுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. அடிபட்ட முடிக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அலசினாலும் கொஞ்சம் நிற்கும். மாவுச்சத்துக்கும் வெந்தயக் கூழுக்கும் அந்தப் பிடிப்பு இல்லை.

சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் தோளில் வெள்ளையாக உதிரும். "பொடுகு வந்துடுச்சு" என்று பயந்து இன்னும் கொஞ்சம் வெந்தயம் வைப்பார்கள். அது பொடுகா, காய்ந்த கஞ்சியா? பள்ளி அறிவியல் கூடத்தில் செய்த சோதனை ஞாபகம் இருக்கிறதா? உதிர்ந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு, முதலுதவிப் பெட்டியில் இருக்கும் அயோடின் மருந்து ஒரு சொட்டு விடுங்கள். தலையில் விடாதீர்கள், தட்டில்தான். கருநீலமாக மாறினால் அது மாவுச்சத்து. கஞ்சியை இன்னும் இளக்குங்கள், நன்றாக அலசுங்கள். மாறாவிட்டால் பொடுகாக இருக்கலாம், அல்லது வெந்தயக் கூழின் மிச்சமாக இருக்கலாம். வெந்தயத்தில் மாவுச்சத்து மிகக் குறைவு. இரண்டு வாரம் எதையும் தடவாமல் இருந்தும் உதிர்ந்தால் பொடுகு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பொடுகுக்குப் பின்னால் மலாசீசியா என்ற பூஞ்சைக்குப் பங்கு உண்டு. மருந்தகத்தில் கிடைக்கும் கீட்டோகோனசோல் போன்ற மருந்து ஷாம்பு அதற்கு ஆதாரத்தோடு வேலை செய்யும்.

எப்போது கிளினிக் போக வேண்டும்?

நாணயம் அளவுக்கு வட்டமாக வழுக்கை விழுந்தால், அது புழுவெட்டாக இருக்கலாம். தலைத்தோலில் வலி, சீழ், தழும்பு போல வழவழப்பு இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. சில நோய்களில் வேர் நிரந்தரமாக அழிந்துவிடும். வகிடு ஆண்டுக்கு ஆண்டு அகலமானாலோ, உதிர்வு ஆறு மாதத்தைத் தாண்டினாலோ காட்டுங்கள். மாதவிடாய் அதிகம், எப்போதும் களைப்பு, அதோடு முடி உதிர்வும் இருந்தால், இரும்புச்சத்தையும் தைராய்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட். தேவைப்பட்டால் தோல் நிபுணரிடம் அங்கிருந்து அனுப்புவார்கள்.

பாட்டிலில் அடைத்த அரிசித் தண்ணீர் ஸ்பிரே வாங்குகிறீர்கள் என்றால் லேபிளைப் பாருங்கள். மலேசியாவில் விற்கும் அழகுப்பொருள்கள் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவான NPRA-விடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் எண் NOT என்று தொடங்கி K என்று முடியும். NPRA இணையத்தளத்தில் அந்த எண்ணையோ பொருளின் பெயரையோ தட்டிச் சரிபார்க்கலாம். NOT எண் இருந்தால் அது அழகுப்பொருள் என்று அர்த்தம், மருந்து என்று அர்த்தமில்லை. அந்த எண்ணோடு "வழுக்கையைக் குணப்படுத்தும்" என்று எழுதியிருந்தால், அழகுப்பொருளுக்கு அனுமதி இல்லாத வாக்குறுதியை அந்த விற்பனையாளர் கொடுக்கிறார்.